நெளிந்து வந்த பலகையும் நீங்கள் எழுத வேண்டிய கடிதமும்

வாசகி கேட்டது:

"நாகப்பட்டினத்தில் வசிக்கிறேன். அக்டோபர் 27 அன்று இணையத்தில் ஆறடி உயரப் புத்தக அலமாரி ஒன்றை 11,499 ரூபாய்க்கு வாங்கினேன். ‘சாலிட் ஷீஷம் மரம்’ என்று பக்கத்தில் போட்டிருந்தார்கள். விற்பவர் ராஜஸ்தானில் இருக்கிறார். நவம்பர் 12 அன்று மழையில் வந்த பெட்டியை என் மாமியார் கையெழுத்திட்டு வாங்கினார். ஊரிலிருந்து திரும்பி 14ஆம் தேதி பிரித்தேன். பெட்டியின் அடிப்பக்கம் தண்ணீர்க் கறை, பலகைகளில் ஈரம், பூசண வாடை. ஒரு தட்டுப் பலகையைத் தரையில் வைத்தால் ஒரு மூலை 12 மி.மீ. எழும்பி நிற்கிறது. அன்றே செயலியில் படங்களுடன் புகார் செய்தேன். பெட்டி பிரித்த வீடியோ இல்லை, லேசான வளைவு மரத்தின் இயல்பு, கடலோரக் காற்றில் அப்படித்தான் ஆகும் என்று 17ஆம் தேதி மறுத்துவிட்டு, கேட்காமலேயே 1,000 ரூபாய் கூப்பன் போட்டிருக்கிறார்கள். தளத்தைக் கேட்டால், ‘நாங்கள் இடைத்தரகர் மட்டுமே’ என்கிறார்கள். ஏழு நாள் கெடுவும் போய்விட்டது. ஐந்து தட்டுப் பலகைகளில் மூன்றை மாடியில் வெயிலில் போட்டுக் கல் வைத்திருக்கிறேன். திருப்பி எடுக்கச் சொல்லி நான்கு பக்கக் கடிதம் எழுதி இணைத்துள்ளேன். அனுப்பலாமா?"

வழக்கறிஞரின் பதில்:

அன்புள்ள சகோதரிக்கு,

அந்தக் கடிதத்தை இப்போதைய வடிவில் அனுப்ப வேண்டாம். நான்கு பக்கங்களையும் இருமுறை படித்தேன். அதில் உங்கள் மனக்கசப்பு முழுமையாக இருக்கிறது. ஆனால் பெட்டி எந்தத் தேதியில் பிரிக்கப்பட்டது என்பது மூன்றாம் பக்கத்தில்தான் வருகிறது, உங்களுக்கு என்ன வேண்டும் என்பதோ எங்குமே ஒரே வாக்கியத்தில் இல்லை. ஓரிடத்தில் பணத்தைத் திருப்பிக் கேட்கிறீர்கள், ஓரிடத்தில் வேறு அலமாரி அனுப்பச் சொல்கிறீர்கள், கடைசியில் இரண்டு லட்சம் ரூபாய் இழப்பீடும் காவல்துறை நடவடிக்கையும் வருகின்றன. இத்தகைய கடிதத்துக்கு மூன்று வாசகர்கள் உண்டு. முதலாமவர் வாடிக்கையாளர் சேவையில் இருக்கும் ஊழியர். அவர் இரண்டு நிமிடம் தருவார். இரண்டாமவர் குறைதீர் அலுவலர். மூன்றாமவர், விஷயம் அதுவரை போனால், நுகர்வோர் ஆணையத்தின் உறுப்பினர். முதலாமவர் படித்து முடிக்கும் அளவுக்குச் சுருக்கமாகவும், மூன்றாமவர் கேட்கக்கூடிய கேள்விகளுக்கு விடையாகவும் கடிதம் அமைய வேண்டும்.

கடிதத்துக்கு முன்பாக இன்றே செய்ய வேண்டிய வேலை ஒன்று இருக்கிறது.

மாடியில் உள்ள பலகைகளை இறக்குங்கள்

மரம் ஈரத்தை உறிஞ்சும்போது அகலவாக்கில் வீங்கும், காயும்போது அகலவாக்கில் சுருங்கும். நீளவாக்கில் ஏறக்குறைய மாறுவதே இல்லை. ஒரு பலகையின் இரு முகங்களும் ஒரே அளவில் நனைந்து ஒரே வேகத்தில் காய்ந்தால் அது பெரும்பாலும் நேராகவே இருக்கும். ஒரு முகம் மட்டும் நனைந்தாலோ ஒரு முகம் மட்டும் வேகமாகக் காய்ந்தாலோதான் வளைகிறது. வெயிலில் போட்ட பலகையின் மேல்முகம் முதலில் காய்ந்து சுருங்கும். அடிமுகம் ஈரத்தோடு இருப்பதால் இரு ஓரங்களும் மேல்நோக்கித் தூக்கிக்கொள்ளும். கல் வைத்து அழுத்தினால் தற்காலிகமாகத் தட்டையாகத் தெரியும், கல்லை எடுத்த சில நாட்களில் மறுபடி வளையும், சில சமயம் முனையில் வெடிப்பும் விடும். ஆகவே நீங்கள் நல்லெண்ணத்தில் செய்த காரியம் பலகையைச் சரிசெய்யாது என்பதோடு, "எங்களிடமிருந்து நேராகத்தான் வந்தது, நீங்கள் வெயிலில் போட்டதால் வளைந்தது" என்று விற்பவர் சொல்வதற்கு ஒரு வாசலையும் திறந்துவிடுகிறது.

நல்ல வேளையாக இரண்டு தட்டுப் பலகைகளும் இரு பக்கப் பலகைகளும் வெயில் படாமல் இருக்கின்றன. இனி அவைதான் உங்கள் முதன்மைச் சான்று. அவற்றைத் துடைக்கவோ, எண்ணெய் பூசவோ, திருகு போட்டு மாட்டவோ வேண்டாம். வெயிலில் வைத்த மூன்றையும் உள்ளே எடுத்து, தனியே அடையாளம் வைத்து, நிழலில் வையுங்கள். அவற்றை வெயிலில் வைத்ததை மறைக்க வேண்டாம். மாடியில் வைத்ததைக் கடிதத்திலேயே நீங்கள் சொல்லிவிட்டால் அது ஒரு சாதாரணத் தகவல். பின்னால் அவர்கள் கண்டுபிடித்துச் சொன்னால் உங்கள் மற்ற வாக்கியங்களின் மேலும் சந்தேகம் விழும். ஆணையத்தின் முன் நான் நடத்திய வழக்குகளில், மனுதாரருக்குப் பாதகமான சிறு உண்மையை அவரே முதலில் சொன்ன இடங்களில் அது பாதகமாக முடிந்ததை நான் அரிதாகவே பார்த்திருக்கிறேன்.

அட்டைப் பெட்டியையும் பழைய பேப்பர்காரரிடம் போட்டுவிடாதீர்கள். தண்ணீர்க் கறை உள்ள அடிப்பக்கம், கூரியர் எண் ஒட்டிய சீட்டு இரண்டும் ஒரே படத்தில் தெரியும்படி எடுத்து வையுங்கள். பெட்டியில் கறை இருக்கும் பக்கமும் அதை ஒட்டிக் கிடந்த பலகையின் ஈரமான முகமும் பொருந்திவந்தால், பலகை நனைந்தது பெட்டிக்குள் இருந்தபோதுதான் என்பதை அந்தப் படமே சொல்லிவிடும்.

கடலோரக் காற்று என்ற வாதம்

அவர்களுடைய மறுப்பில் உண்மைபோலத் தோன்றுவது இது ஒன்றுதான். நாகப்பட்டினத்தில் கார்த்திகை மாதத்தில் காற்றில் ஈரம் அதிகம் என்பதும், மரம் அதை ஓரளவு ஏற்கும் என்பதும் உண்மை. ஆனால் மெருகு பூசிய பலகை காற்றிலிருந்து ஈரத்தை மெல்லத்தான் ஏற்கும், அதற்கு வாரக்கணக்கில் ஆகும். மூடிய பெட்டிக்குள் இரண்டு நாள் உங்கள் வீட்டில் இருந்த பலகை, தொட்டால் ஈரமாகத் தெரியும் அளவுக்கும் பூசண வாடை வரும் அளவுக்கும் வீட்டுக் காற்றால் ஆகியிருக்க முடியாது. இதை நீங்கள் வாதமாக எழுதுவதைவிட அளந்து காட்டுவது எளிது.

மர ஈரமானி என்று ஒரு சிறு கருவி உண்டு. இரண்டு ஊசிகளை மரத்தில் அழுத்தினால் ஈர அளவைச் சதவீதத்தில் காட்டும். மர டிப்போவிலோ, மரத்தரை போடும் ஒப்பந்ததாரரிடமோ, வசதியான தச்சுப் பட்டறையிலோ இருக்கும். முறையாகப் பதப்படுத்திய அறைகலன் மரம் பொதுவாக 8 முதல் 12 சதவீதம் ஈரத்தோடு பட்டறையை விட்டு வெளியேறும், கடலோர வீடுகளில் சில மாதங்களில் அது இன்னும் சில சதவீதம் ஏறும். இருபதைத் தாண்டினால் அது சரியாக உலர்த்தாத மரம், அல்லது நனைந்த மரம். மெருகு இல்லாத அடிமுகத்தில் ஊசியை வைத்து, கருவியின் எண்ணும் பலகையும் சேர்ந்து தெரியும்படி படம் எடுங்கள்.

அத்தோடு நிறுத்திவிடாமல், அதே அறையில் பல வருடங்களாக இருக்கும் ஒரு பழைய மரச் சாமானையும், கட்டில் கால் ஆனாலும் சரி, அதே நேரத்தில் அளந்து படம் எடுங்கள். மர வகைக்கு ஏற்ப இந்தக் கருவி ஓரிரு சதவீதம் முன்பின் காட்டும் என்பதால் தனி எண்ணைப் பற்றி விற்பவர் சர்ச்சை செய்யலாம். ஒரே வீட்டின் ஒரே காற்றில் இருக்கும் பழைய கட்டில் 13 காட்டும்போது சில நாள் முன்பு வந்த பலகை 23 காட்டினால், கடலோரக் காற்று என்ற வாதம் அங்கேயே நின்றுவிடும்.

கருவி கிடைக்காவிட்டால் சமையலறைத் தராசு போதும். வெயில் படாத ஒரு தட்டுப் பலகையை இன்று எடை பாருங்கள், அறைக்குள் மின்விசிறியின் கீழ் இரு பக்கமும் காற்றுப் படும்படி நிறுத்தி வைத்து, பத்து நாள் கழித்து மறுபடி பாருங்கள். இன்று 2,600 கிராம் இருந்து பின்பு 2,450 கிராம் ஆனால், அந்த 150 கிராமும் அந்தப் பலகை உங்கள் வீட்டுக்குச் சுமந்து வந்த தண்ணீர். இரு தடவையும் தராசின் எண், பலகை, அன்றைய செய்தித்தாள் மூன்றும் ஒரே படத்தில் இருக்கட்டும். இந்தச் சோதனையை ஒரே ஒரு பலகையில் மட்டும் செய்யுங்கள்; மற்றொன்று தொடாமல் இருக்க வேண்டும்.

வளைவையும் இதேபோல எண்ணாகச் சொல்லுங்கள். உங்கள் கடிதத்தில் "கண்டபடி கோணிக்கொண்டு" என்று எழுதியிருக்கிறீர்கள். உங்கள் கேள்வியில் எழுதியுள்ள 12 மி.மீ. அதைவிட நூறு மடங்கு வலுவானது. ஆறடிப் பக்கப் பலகைகளுக்கும் ஒரு வழி சொல்கிறேன். பலகையின் ஒரு முனையிலிருந்து மறுமுனைக்கு நூலை இறுக்கிப் பிடித்து, நடுவில் நூலுக்கும் மரத்துக்கும் உள்ள இடைவெளியை அளவுகோலால் அளந்து படம் எடுங்கள். கூடவே, பலகையின் நறுக்கு முனையையும் திருகுத் துளைகளின் உள்புறத்தையும் பாருங்கள். முகத்தில் ஓடும் ரேகை முனையிலும் தொடர்ந்தால் அது முழு மரம். முனையில் ஒட்டுப்பட்டை இருந்து, துளைக்குள் தூளும் துகளுமாகத் தெரிந்தால் அது அழுத்திய பலகை, அதாவது பார்ட்டிகிள் போர்டு. அப்படியானால் வீங்கிய ஓரம் காய்ந்தாலும் பழைய அளவுக்குத் திரும்பாது. அதோடு, ‘சாலிட் ஷீஷம்’ என்ற விவரணையே பொய்யாகிவிடுவதால் உங்கள் கோரிக்கைக்கு இரண்டாவது காரணமும் கிடைக்கும்.

கையெழுத்து, வீடியோ, ஏழு நாள்

உங்கள் மாமியார் கையெழுத்திட்டதால் பொருளை ஏற்றுக்கொண்டதாகிவிட்டது என்று நீங்கள் பயப்படுகிறீர்கள். சட்டம் அப்படிப் பார்ப்பதில்லை. 1930ஆம் ஆண்டின் சரக்கு விற்பனைச் சட்டம், வாங்கியவருக்குப் பொருளைப் பரிசோதிக்க நியாயமான வாய்ப்புக் கிடைக்கும் வரை அவர் அதை ஏற்றுக்கொண்டதாகக் கருதக் கூடாது என்கிறது. மூடிய பெட்டிக்குப் போட்ட கையெழுத்து, பெட்டி வந்து சேர்ந்தது என்பதற்கு மட்டுமே அத்தாட்சி. ஆனால் அதே சட்டம் வேறொன்றும் சொல்கிறது. பரிசோதித்த பிறகு வேண்டாம் என்று தெரிவிக்காமல் நியாயமான காலத்துக்கு மேல் வைத்திருந்தாலோ, தன் சொந்தப் பொருள்போல அதைப் பயன்படுத்தினாலோ ஏற்றுக்கொண்டதாகிவிடும். அலமாரியை மாட்ட வேண்டாம், ஒரு புத்தகம்கூட அதில் வைக்க வேண்டாம் என்று நான் வற்புறுத்துவது இதனால்தான்.

பெட்டி பிரிக்கும் வீடியோ இல்லாவிட்டால் திருப்பி எடுக்க மாட்டோம் என்பது விற்பவர் தாமே வைத்துக்கொண்ட விதி. 2020ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்பு மின்வணிக விதிகளில் அப்படி ஒரு நிபந்தனை இல்லை. அவ்விதிகளின் 6(3), பொருள் குறைபாடுள்ளதாக இருந்தாலோ விளம்பரத்தில் சொன்ன தன்மை அதற்கு இல்லாவிட்டாலோ, தளத்தின் வழியாக விற்பவர் அதைத் திரும்ப எடுக்கவோ பணத்தைத் திருப்பித் தரவோ மறுக்கக் கூடாது என்று சொல்கிறது. வீடியோ ஒரு வகைச் சான்று. படங்களும் அளவுகளும் தச்சர் எழுதித் தரும் குறிப்பும் வேறு வகைச் சான்றுகள். வீடியோ இருந்திருந்தால் உங்கள் வேலை சுலபமாகியிருக்கும் என்பதையும் மறைக்காமல் சொல்கிறேன்.

ஏழு நாள் கெடுவைப் பொறுத்தவரை, நீங்கள் தேதிகளைத் தவறாக எண்ணுகிறீர்கள். பொருள் 12ஆம் தேதி வந்தது, நீங்கள் புகார் செய்தது 14ஆம் தேதி. கெடுவுக்குள் கேட்டாயிற்று. அவர்கள் மறுத்ததும் மறுப்பைப் பற்றி நீங்கள் யோசித்ததும் சேர்ந்து எடுத்துக்கொண்ட நாட்கள் உங்கள் கணக்கில் வராது. குறைபாடுள்ள பொருளை ரசீதில் குறித்த காலத்துக்குள், அப்படி எதுவும் குறிக்கப்படாவிட்டால் முப்பது நாட்களுக்குள், திரும்ப எடுத்துப் பணம் தர மறுப்பதை 2019ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் முறையற்ற வணிக நடைமுறை என்று வகைப்படுத்துகிறது. அது பிரிவு 2(47)இல் உள்ளது. ஆகவே நவம்பர் 14 என்ற தேதிதான் உங்கள் கடிதத்தின் முதுகெலும்பு. செயலியின் உரையாடல் ஒருநாள் மறைந்துபோகலாம், தேதியும் நேரமும் தெரியும்படி இப்போதே ஸ்கிரீன்ஷாட் எடுத்து வையுங்கள்.

தளத்தின் பதிலில் பாதி உண்மை இருக்கிறது. விற்பவரின் ஒவ்வொரு தவறுக்கும் தளம் தானாகவே பொறுப்பாகிவிடாது. ஆனால் தளத்துக்கென்று தனிக் கடமைகள் உண்டு. குறைதீர் அலுவலரை நியமித்து அவர் பெயரையும் தொடர்பு விவரத்தையும் வெளியிட வேண்டும், புகாருக்கு எண் தர வேண்டும், 48 மணி நேரத்துக்குள் புகார் கிடைத்ததை ஒப்புக்கொள்ள வேண்டும், ஒரு மாதத்துக்குள் தீர்க்க வேண்டும். வாங்கியவர் எழுத்தில் கேட்டால் விற்பவரின் முழு முகவரியையும் மின்னஞ்சலையும் தர வேண்டும். எனவே கடிதம் விற்பவர், தளத்தின் குறைதீர் அலுவலர் இருவர் பெயரிலும் போகட்டும்.

உங்கள் வரைவிலிருந்து முழுவதுமாக நீக்க வேண்டியது 420 பற்றிய பத்தி. குறைபாடுள்ள பொருளை அனுப்பியது மட்டுமே ஏமாற்றுக் குற்றமாகாது. தொடக்கத்திலிருந்தே ஏமாற்றும் எண்ணம் இருந்ததைக் காட்ட வேண்டும், உங்களிடம் அதற்கு ஒன்றும் இல்லை. தவிர, இந்தியத் தண்டனைச் சட்டம் 2024 ஜூலை 1 முதல் நடைமுறையில் இல்லை. அவர்களுடைய வழக்கறிஞர் அந்த எண்ணைப் பார்த்துப் புன்னகைக்கும் வாய்ப்பை நாம் ஏன் தர வேண்டும்? இரண்டு லட்சத்தையும் விட்டுவிடுங்கள். 11,499 ரூபாய்ப் பொருளுக்குக் கேட்கும் இழப்பீடு, உண்மையில் ஆன செலவோடு தொடர்புடையதாக இருக்க வேண்டும்.

பணமா, மாற்றுப் பொருளா என்பதில் நான் பணத்தையே பரிந்துரைப்பேன். அதே கிடங்கிலிருந்து, அதே மழைக்காலத்தில், அதே போன்ற பெட்டியில் வரும் இன்னோர் அலமாரி நேராக வரும் என்று நம்ப எனக்குக் காரணம் தெரியவில்லை.

கடிதம்

ராஜஸ்தானில் இருப்பவர் படிக்க ஆங்கிலத்திலும், உங்கள் கோப்புக்காகத் தமிழிலும் வைத்துக்கொள்ளுங்கள். இரண்டிலும் ஒரே வரிகள், ஒரே எண்கள் இருக்க வேண்டும்.

> நாள்: 24.11.2025
>
> பெறுநர்: குறைதீர் அலுவலர், (விற்பனை நிறுவனம்), குறைதீர் அலுவலர், (இணையத்தளம்).
>
> பொருள்: ஆணை எண் ____; ஈரமாகவும் வளைந்தும் வந்த மர அலமாரியை நிராகரித்து, திரும்ப எடுத்துக்கொண்டு பணத்தைத் திருப்பித் தரக் கோருதல்.
>
> ஐயா / அம்மா,
>
> 27.10.2025 அன்று மேற்கண்ட ஆணையின்படி ரூ.11,499 செலுத்தி ஒரு புத்தக அலமாரி வாங்கினேன். மூடிய பெட்டி 12.11.2025 அன்று என் வீட்டில் ஒப்படைக்கப்பட்டது. 14.11.2025 அன்று பிரித்துப் பார்த்தபோது பெட்டியின் அடிப்பக்கத்தில் தண்ணீர்க் கறையும், பலகைகளில் ஈரமும், பூசண வாடையும் இருந்தன. ஒரு தட்டுப் பலகை தட்டையான தரையில் வைத்தால் ஒரு மூலை 12 மி.மீ. எழும்பி நிற்கிறது. ____ அன்று அளந்தபோது பலகையின் ஈர அளவு ____ சதவீதம். அதே அறையில் உள்ள என் பழைய கட்டிலின் ஈர அளவு ____ சதவீதம். படங்கள் 1 முதல் ____ வரை இணைக்கப்பட்டுள்ளன.
>
> 14.11.2025 அன்றே, புகார் எண் ____ மூலம், இக்குறையைத் தெரிவித்தேன். 17.11.2025 அன்று அது மறுக்கப்பட்டது. கேட்காமல் என் கணக்கில் சேர்க்கப்பட்ட ரூ.1,000 கூப்பனை நான் ஏற்கவில்லை, பயன்படுத்தவும் இல்லை.
>
> மூன்று தட்டுப் பலகைகளை உலர்த்தும் நோக்கத்தில் சில நாட்கள் வெயிலில் வைத்தேன். மேலே குறித்த 12 மி.மீ. அளவு அதற்கு முன் எடுக்கப்பட்டது. மற்ற இரண்டு தட்டுப் பலகைகளும் பக்கப் பலகைகளும் வந்த நிலையிலேயே உள்ளன. அலமாரி மாட்டப்படவில்லை, பயன்படுத்தப்படவில்லை.
>
> இப்பொருளை நான் நிராகரிக்கிறேன். இக்கடிதம் கிடைத்த 15 நாட்களுக்குள் உங்கள் செலவில் அதை எடுத்துச் சென்று, ரூ.11,499 முழுவதையும் நான் பணம் செலுத்திய வழியிலேயே திருப்பித் தரக் கோருகிறேன். பொருளும் பெட்டியும் நீங்கள் பார்வையிடுவதற்கு என் வீட்டில் பத்திரமாக உள்ளன.
>
> விற்பவரின் முழு முகவரியையும் மின்னஞ்சலையும் எனக்குத் தருமாறு இணையத்தளத்தின் குறைதீர் அலுவலரைக் கேட்டுக்கொள்கிறேன்.
>
> இக்கோரிக்கை 2020ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்பு (மின்வணிக) விதிகளின் விதி 6(3)இன்படி செய்யப்படுகிறது.

12 மி.மீ. அளவு பலகையை மாடிக்குக் கொண்டுபோகும் முன் எடுத்ததுதானா என்பதை உங்கள் கைப்பேசிப் படத்தின் தேதியைப் பார்த்து உறுதிசெய்துகொண்டு அந்த வாக்கியத்தை வையுங்கள். பின்னால் எடுத்ததாக இருந்தால் அந்த வரியை நீக்கி, வெயில் படாத பலகையை அளந்து அந்த எண்ணைப் போடுங்கள். ஈர அளவு எடுக்க முடியாவிட்டால் அந்த வாக்கியத்தையும் விட்டுவிடலாம், கடிதம் அதற்காகக் காத்திருக்க வேண்டாம். எடைச் சோதனையின் முடிவைப் பத்து நாள் கழித்து அதே மின்னஞ்சல் தொடரில் அனுப்பலாம்.

"நிராகரிக்கிறேன்" என்ற சொல்லை மட்டும் மாற்றாதீர்கள். "வருத்தமளிக்கிறது", "திருப்தியில்லை" என்றெல்லாம் எழுதினால் அது புகார் மட்டுமே. நிராகரிப்பதாகத் தெரிவித்துவிட்டால், நிராகரித்த பொருளைத் திருப்பி அனுப்பும் கடமை வாங்கியவருக்கு இல்லை என்று சரக்கு விற்பனைச் சட்டத்தின் 43ஆம் பிரிவு சொல்கிறது. வேறு ஒப்பந்தம் இல்லாதவரை தெரிவித்தாலே போதும். நீங்களே கூரியர் பிடித்து ராஜஸ்தானுக்கு அனுப்பினால் செலவும் உங்களுடையது, வழியில் ஏற்படும் சேதமும் உங்கள் தலையில் விழும், கையிலிருந்த சான்றும் போய்விடும்.

அனுப்பிய பிறகு

மின்னஞ்சலில் அனுப்பி, அதே நாளில் ஸ்பீடு போஸ்டிலும் அனுப்பி ரசீதை வைத்துக்கொள்ளுங்கள். 48 மணி நேரத்தில் ஒப்புகை வராவிட்டால் அதையே ஒரு வரியில் சுட்டிக்காட்டி மறுமின்னஞ்சல் போடுங்கள். தொலைபேசியில் யாராவது பேசினால், பேசியதை அன்றே மின்னஞ்சலில் எழுதி உறுதிப்படுத்தக் கேளுங்கள். கூப்பனை இரண்டாயிரமாக உயர்த்துவதாகச் சொல்வார்கள் என்று எதிர்பார்க்கிறேன். அதை ஏற்றுக்கொண்டால் விவகாரம் அத்துடன் முடிந்ததாக அவர்கள் சொல்வார்கள், அந்த வாதத்துக்கு எடையும் இருக்கும்.

பதினைந்து நாளும் வீணானால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915இல் பதிவு செய்யுங்கள். அவர்கள் நிறுவனத்தோடு பேசித் தீர்த்துவைக்க முயல்வார்கள், உத்தரவிடும் அதிகாரம் அவர்களுக்கு இல்லை. அதுவும் பலிக்காவிட்டால் உங்கள் மாவட்ட நுகர்வோர் ஆணையம். விற்பவர் ராஜஸ்தானில் இருப்பது ஒரு தடையல்ல, நீங்கள் வசிக்கும் இடத்திலேயே மனு செய்ய 2019ஆம் ஆண்டுச் சட்டம் இடம் தருகிறது. செலுத்திய விலை ஐந்து லட்சம் ரூபாய் வரை இருந்தால் மனுக் கட்டணம் இல்லை, வழக்கறிஞர் வைத்தே ஆக வேண்டும் என்றும் இல்லை, இ-ஜாக்ரிதி தளம் வழியாகவும் மனு செய்யலாம். கெடு இரண்டு ஆண்டு. விலையோடு தச்சருக்கோ ஈரமானிக்கோ ஆன செலவு, அலைச்சலுக்கு ஒரு மிதமான தொகை, வழக்குச் செலவு ஆகியவற்றைக் கேளுங்கள். மூன்று மாதத்தில் முடிக்க வேண்டும் என்று சட்டம் சொன்னாலும், நடைமுறையில் அதைவிட நீளும் என்று எண்ணியே இறங்குங்கள். குறைபாட்டைத் தெரிந்துகொள்ள ஆய்வகச் சோதனை தேவை என்று ஆணையம் கருதினால் சட்டமே ஐந்து மாதம் தருகிறது. தொடாமல் வைக்கச் சொன்ன அந்த ஒரு பலகை அப்போது பயன்படும்.

பெரும்பாலும் அவ்வளவு தூரம் போகாமல், அளவுகள் உள்ள கடிதத்தைப் பார்த்ததும் ஆள் அனுப்பி எடுத்துக்கொள்ளவே முன்வருவார்கள். வருபவரிடம் பெட்டியைக் கொடுக்கும் முன், பணத்தைத் திருப்பித் தருவதாக எழுத்தில் ஒப்புக்கொண்ட மின்னஞ்சல் உங்களிடம் இருக்கிறதா என்று பாருங்கள். ஏழு பலகைகளையும் தரையில் வரிசையாக வைத்து ஒரு படம், பெட்டிக்குள் வைத்தபின் ஒரு படம், ஒட்டிய சீட்டோடு ஒரு படம் எடுங்கள். அவர் தரும் ரசீதில் "ஈரம், வளைவு காரணமாகத் திரும்பப் பெறப்பட்டது, பயன்படுத்தப்படவில்லை" என்று எழுதச் சொல்லிக் கையெழுத்து வாங்குங்கள். எழுத மறுத்தால், மறுத்ததை அந்த நிமிடமே குறைதீர் அலுவலருக்கு மின்னஞ்சலில் தெரிவித்துவிட்டுப் பெட்டியைக் கொடுங்கள்.